மூன்றரை மணிக்கு நீங்கள் எங்கே இருப்பீர்கள்?

இந்தியப் பங்குச் சந்தை காலை 9.15-க்குத் திறந்து பிற்பகல் 3.30-க்கு மூடுகிறது. மொத்தம் 375 நிமிடங்கள். மாதச் சம்பளம் வாங்கும் பெரும்பாலானோர் வகுப்பறையிலோ, கவுன்டரிலோ, ஷெட்டிலோ, மீட்டிங்கிலோ இருப்பதும் இதே நேரத்தில்தான். ஆனாலும் பங்கு வாங்க ஒரு ஆப்பை இறக்கிச் சார்ட்டைத் திறந்தால், பலருக்கு முதலில் கண்ணில் படுவது ஐந்து நிமிடச் சார்ட் அல்லது பதினைந்து நிமிடச் சார்ட். யூடியூபில் பாடம் எடுப்பவர்கள் பெரும்பாலும் அதில்தான் எடுக்கிறார்கள். பார்ப்பவரும் அதிலேயே பழகிவிடுகிறார். தன் அன்றாட வேலைக்கு அது ஒத்துவருமா என்று யோசிப்பதற்கு முன்பே பாதிப் பணம் போய்விடுகிறது.

சார்ட்டில் தெரியும் ஒவ்வொரு மெழுகுவத்தியும், அதாவது கேண்டிலும், ஒரு காலத்துண்டின் கதை. அந்தத் துண்டு எந்த விலையில் தொடங்கியது, எதுவரை ஏறியது, எதுவரை இறங்கியது, எங்கே முடிந்தது என்ற நாலே நாலு எண்கள்தான் அதில் உண்டு. ஒரு துண்டு எத்தனை நீளம் என்பதைத்தான் டைம்ஃப்ரேம் என்கிறார்கள். ஐந்து நிமிடச் சார்ட்டில் ஒரு நாளைக்கு 75 கேண்டில் வரும். தினசரிச் சார்ட்டில் ஒன்று. வாரச் சார்ட்டில் ஒரு வாரத்துக்கே ஒன்று.

எந்த டைம்ஃப்ரேம் நமக்குச் சரி என்று கேட்டால், பொறுமைசாலிக்குப் பெரிய சார்ட், துறுதுறுப்பானவருக்குச் சின்னச் சார்ட் என்று குணத்தை வைத்துப் பதில் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குணத்தைவிடக் கடிகாரம்தான் முக்கியம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கேண்டில் முடிகிற நேரத்தில் அதைப் பார்த்து முடிவெடுத்து, ஆர்டர் போட உங்களால் முடியுமா?

கேண்டில் முடிவதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்றால், முடியாத கேண்டில் நம்மிடம் பொய் சொல்லும். தினசரிச் சார்ட் பார்ப்பவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு மணிக்கு, போனை எடுத்துப் பார்க்கிறார். ஒரு பங்கு பல வாரங்களாகத் தாண்டாத விலையைத் தாண்டி, நீளமான பச்சைக் கேண்டிலாக நிற்கிறது. டிபன் பாக்ஸை மூடுவதற்குள் வாங்கிவிடுகிறார். மூன்றரை மணிக்கு அதே பங்கு அந்த விலைக்குக் கீழே வந்து, உச்சியில் வெறும் குச்சியோடு முடிகிறது. மாலையில் சார்ட்டைப் பார்த்தால் அங்கே வாங்குவதற்கான அறிகுறியே இல்லை. அவர் வாங்கியது மதியம் மட்டும் இருந்துவிட்டு மறைந்துபோன ஒரு உருவத்தை. டெஸ்ட் மேட்சில் லஞ்ச் இடைவேளை ஸ்கோரைப் பார்த்துவிட்டு அன்றைய ஆட்டத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதுவது மாதிரிதான் இது. வாரச் சார்ட்டைப் புதன்கிழமை பார்ப்பவருக்கும் இதே கதிதான். அது இன்னும் வெள்ளிக்கிழமையைப் பார்க்காத கேண்டில்.

இந்தக் கணக்குப்படி ஒரு மணி நேரச் சார்ட் வேலைக்குப் போகிறவருக்குப் பெரிய பொறி. ‘ஐந்து நிமிடம் முடியாது, ஒரு மணிக்கு ஒரு தடவை பார்க்கலாமே’ என்று பலர் அங்கே போய் நிற்கிறார்கள். நம் சந்தை 9.15-க்குத் தொடங்குவதால் மணிக்கேண்டில்கள் 10.15, 11.15, 12.15 என்று முடியும். கடைசிக் கேண்டில் 3.15 முதல் 3.30 வரை வெறும் பதினைந்து நிமிடம். பெயருக்குத்தான் அது மணிக்கேண்டில். அதை மற்ற ஆறோடு ஒன்றாக வைத்துச் சராசரி எடுத்தால் கணக்கு கோணலாகிவிடும். அதை விடுங்கள். ஏழு முறையும் சரியாக அந்த நிமிடத்தில் போன் கையில் இருக்கும் வேலை எது? நாலு தடவை பார்த்து மூன்று தடவை தவறவிட்டால், தவறவிட்ட மூன்றில்தான் வெளியேற வேண்டிய அறிகுறி வந்திருக்கும் என்று எப்போதும் சொல்ல முடியாது. ஆனால் அது எதில் வந்தது என்பது நம் கையில் இல்லை. முறையைச் சரியாகப் பின்பற்றியும் தோற்றோமா, பின்பற்றாமல் தோற்றோமா என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

ஒரே ஐந்து நாள், பார்க்கிற சார்ட்டுக்கு ஏற்ப எப்படி வேறு வேறு கதை சொல்லும் என்பதற்கு 2024 ஜூன் முதல் வாரத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. மே 31, வெள்ளிக்கிழமை நிஃப்டி 22,530-ல் முடிந்தது. சனிக்கிழமை மாலை நாடாளுமன்றத் தேர்தலின் கருத்துக்கணிப்புகள் வெளியாயின. திங்கட்கிழமை நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் எகிறி 23,264-ல் முடிந்தது. செவ்வாய், ஜூன் 4, வாக்கு எண்ணிக்கை. கணிப்பு பொய்க்க, நடுவில் 21,281 வரை இறங்கிய நிஃப்டி, அன்று கிட்டத்தட்ட 6 சதவீதம் இழந்து 21,884-ல் நின்றது. புதன்கிழமை ஏறியது, வியாழக்கிழமை ஏறியது. வெள்ளிக்கிழமை 23,290-ல் முடிந்தது, முடிவு விலையில் அதுவரை இல்லாத உயரம் அது.

தினசரிச் சார்ட் பார்த்தவருக்குச் செவ்வாய் மாலையில் தெரிந்தது, திங்கட்கிழமை ஏற்றத்தை முழுதாக விழுங்கிய ஒரு ராட்சதச் சிவப்புக் கேண்டில். விதிப்படி நடப்பவர் புதன் காலையில் விற்றிருப்பார். அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது, அவருடைய சார்ட் அதைத்தான் சொன்னது. வெள்ளிக்கிழமை மாலை மட்டும் திறந்து பார்த்த வாரச் சார்ட்காரருக்குத் தெரிந்தது முந்தைய வாரத்தைவிட 3.4 சதவீதம் ஏறி முடிந்த ஒரு கேண்டில், கீழே நீளமான ஒரு குச்சி. அவ்வளவுதான். அந்த ஐந்து நாளில் ஐந்து நிமிடச் சார்ட்காரர் 375 கேண்டில்களைக் கடந்து வந்திருந்தார். அவர் செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் என்ன வேலை பார்த்திருப்பார் என்பதை அவருடைய மேலாளர்தான் சொல்ல வேண்டும்.

சின்னச் சார்ட்டின் இன்னொரு பிரச்சினை, கண்ணுக்குத் தெரியாத செலவு. இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போனதும் போன் லாக்கருக்குப் போய்விடும். சந்தைக்கென்று ஒதுக்கியது 2 லட்சம் ரூபாய். ஒரு வியாபாரம் தவறினால் அதில் 1 சதவீதம், அதாவது 2,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்பது அவர் போட்டுக்கொண்ட கோடு. பார்க்கும் பங்கின் விலை 500 ரூபாய். அது ஒரு நாளில் சராசரியாக 12 ரூபாய் ஏறி இறங்குகிறது. விலையின் அலைச்சல் காலத்தின் வேகத்திலேயே வளராது. காலம் நாலு மடங்கானால் அலைச்சல் சுமாராக இரண்டு மடங்கு ஆகும். அப்படிப் பார்த்தால் இதே பங்கு ஐந்து நிமிடத்தில் ஒன்றரை ரூபாய் போல ஆடும், ஒரு வாரத்தில் 27 ரூபாய் போல ஆடும். ஸ்டாப் லாஸ் இந்தச் சாதாரண ஆட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதால், ஆட்டத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி வைக்கிறார். ஐந்து நிமிடச் சார்ட்டில் 3 ரூபாய், தினசரியில் 24 ரூபாய், வாரத்தில் ஏறக்குறைய 55 ரூபாய்.

இழப்பு எல்லா இடத்திலும் அதே 2,000 ரூபாய்தான். ஆனால் 3 ரூபாய் ஸ்டாப்புக்கு அவர் 666 பங்கு வாங்க வேண்டும். அதன் மதிப்பு 3,33,000 ரூபாய். கையில் இருப்பது 2 லட்சம். மீதிக்குப் புரோக்கர் தரும் இன்ட்ராடே மார்ஜினை நம்பியாக வேண்டும், அதை அன்றே முடித்தாகவும் வேண்டும். சின்னச் சார்ட் தன்னோடு கடனையும் கூட்டிக்கொண்டு வருவது இப்படித்தான். தினசரிச் சார்ட்டில் 83 பங்கு போதும், 41,500 ரூபாய். வாரச் சார்ட்டில் 36 பங்கு, வெறும் 18,000 ரூபாய். மீதிப் பணம் கணக்கிலேயே இருக்கும்.

இப்போது செலவு. டிஸ்கவுண்ட் புரோக்கரிடமே போனாலும், அந்த 666 பங்கை வாங்கி விற்கப் புரோக்கரேஜ், எஸ்டிடி எனும் பரிவர்த்தனை வரி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், முத்திரைத் தீர்வை, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 165 ரூபாய் ஆகும். நாளைக்கு ஒன்று என்று ஆண்டுக்கு 240 முறை செய்தால் சுமார் 40,000 ரூபாய். 2 லட்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு! லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்று ஆண்டை முடித்தவரே 20 சதவீதம் இழந்திருப்பார். டெலிவரி எடுத்தால் எஸ்டிடி வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம், அதாவது விகிதம் அதிகம். ஆனாலும் தினசரிச் சார்ட்டில் ஒரு முறைக்கு 110 ரூபாய் போல வரும், ஆண்டுக்கு முப்பது முறை என்றால் 3,300 ரூபாய். வாரச் சார்ட்டில் பத்து முறை வாங்கி விற்றால் மொத்தம் 600 ரூபாய் தாண்டாது.

செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு ஒத்துப்போகிறது. 2022-23 நிதியாண்டில் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நஷ்டமடைந்தார்கள். ஆண்டுக்கு 500 முறைக்கு மேல் செய்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், நஷ்டமடைந்தவர்கள் 80 சதவீதம்.

ஆகவே ஒரகடத்துக்காரருக்கு என் பரிந்துரை வாரச் சார்ட்தான். முடிவு எடுப்பது வாரச் சார்ட்டில், வாங்கும் இடத்தைப் பார்ப்பது தினசரியில். மனநல மருத்துவராக இருந்து வர்த்தகத்துக்கு வந்த அலெக்சாண்டர் எல்டர் 1980-களிலேயே சொன்ன வழி இது. இரண்டு சார்ட்டுகளுக்கு நடுவில் ஐந்து மடங்கு போல இடைவெளி இருக்கட்டும், பெரியதற்கு எதிராகச் சின்னதில் போகாதே என்பார். ஒரு வாரத்தில் ஐந்து நாள் இருப்பதால் இந்த ஜோடி தானாகவே பொருந்துகிறது.

சனிக்கிழமை காலையில் நிஃப்டி 100 பட்டியலை வாரச் சார்ட்டில் புரட்டினால், ஒன்றுக்குக் கால் நிமிடம் என்று அரை மணிக்குள் முடியும். 30 வாரச் சராசரிக்கோட்டுக்கு மேலே இருக்கிறதா, அந்தக் கோடு மேல்நோக்கிப் போகிறதா என்று மட்டும் பார்த்தாலே பல பங்குகள் கழிந்துவிடும். இந்த 30 வாரக் கோட்டை ஸ்டான் வைன்ஸ்டைன் தன் 1988 புத்தகத்தில் பிரபலமாக்கினார். அதில் மந்திரம் எதுவும் இல்லை, சுமார் ஏழு மாதச் சராசரி, அவ்வளவே. மிஞ்சுவதில் நாலைந்தைத் தினசரிச் சார்ட்டில் திறந்து, ஏற்கெனவே வெகுதூரம் ஓடியதை விட்டுவிட்டு, கொஞ்சம் இறங்கி நிதானித்ததை எடுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை இரவே ஏஎம்ஓ எனப்படும் சந்தை நேரம் தாண்டிய ஆர்டரை, லிமிட் விலையோடு போட்டுவிடலாம். 500 ரூபாய்ப் பங்குக்கு 503 என்று வைத்தால், திங்கள் காலை அது 515-ல் திறந்தால் நமக்குக் கிடைக்காது. கிடைக்காமல் போகட்டும். 515-க்கு வாங்குவதென்றால் ஸ்டாப்பும் பங்கின் எண்ணிக்கையும் வேறாகிவிடும். அது வேறொரு வியாபாரம்.

வாங்கியது கணக்குக்கு வந்ததும் ஸ்டாப் போட வேண்டும். சாதாரண ஸ்டாப் லாஸ் ஆர்டர் அன்றோடு காலாவதி. தினமும் காலையில் போட நேரமில்லாதவருக்கு ஜிடிடி இருக்கிறது. ஒரு முறை போட்டால் பல மாதம் காத்திருக்கும், சில புரோக்கர்களிடம் ஓராண்டு வரை. ஆனால் அதில் இரண்டு இடத்தில் வழுக்கும்.

முதலாவது, ஜிடிடி பெரும்பாலும் லிமிட் ஆர்டரைத்தான் சந்தைக்கு அனுப்பும். 445-ல் தட்டினால் 445-க்கு விற்கச் சொல்லியிருக்கிறீர்கள். கெட்ட செய்தி வந்து, மறுநாள் பங்கு நேராக 432-ல் திறக்கிறது. ஆர்டர் போகும், ஆனால் 445-க்கு வாங்க யாரும் இல்லை. அது அப்படியே தொங்கும், பங்கு இறங்கிக்கொண்டே இருக்கும், நீங்கள் லாக்கருக்கு அந்தப் பக்கம் இருப்பீர்கள். அதனால் ட்ரிகர் 445 என்றால், விற்கும் லிமிட்டை 425 போலத் தாழ்வாக வைக்க வேண்டும். 425-க்குத்தான் விற்கும் என்று பயப்பட வேண்டாம். சந்தையில் அப்போது 432-க்கு ஆள் இருந்தால் 432-க்குத்தான் விற்கும். 425 என்பது அதற்குக் கீழே போகாதே என்ற எல்லை மட்டுமே.

இரண்டாவது, டீமேட்டில் இருக்கும் பங்கை விற்க அனுமதி வேண்டும். டிடிபிஐ என்ற அதிகாரப் பத்திரத்தைப் புரோக்கருக்குக் கொடுக்காதவர்கள், விற்கும் நாளில் டிபின் எண்ணும் ஓடிபியும் போட்டு ஒப்புதல் தர வேண்டும். பகல் பதினொரு மணிக்கு ஜிடிடி தட்டும்போது நீங்கள் ஒப்புதல் தந்திருக்காவிட்டால் ஆர்டர் நிராகரிக்கப்படும். ஸ்டாப் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு, ஸ்டாப்பே இல்லாமல் இருப்பது இதுதான். திரையைப் பார்க்க முடியாதவருக்கு டிடிபிஐ அநேகமாகக் கட்டாயம். போனஸ், பங்குப் பிரிப்பு மாதிரி அறிவிப்பு வந்தாலும் பழைய ஜிடிடி ரத்தாகிவிடலாம். சனிக்கிழமைப் பார்வையில் அது உயிரோடு இருக்கிறதா என்று ஒரு கண் வைத்தால் போதும்.

வாரச் சார்ட்டில் குறையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2020 பிப்ரவரி 20 அன்று நிஃப்டி 12,080-ல் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை 2 சதவீதம் விழுந்து 11,829 ஆனது. தினசரிச் சார்ட்காரருக்கு அங்கேயே மணி அடித்துவிட்டது. வாரக் கேண்டில் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தவர் பிப்ரவரி 28 அன்று பார்த்தது 11,202. அந்த 600 சொச்சம் புள்ளிகள்தான் குறைவாகப் பார்ப்பதற்கு அவர் கொடுத்த விலை. ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை நிஃப்டி 30 வாரச் சராசரிக்குக் கீழே போயிருந்தது. அதைப் பார்த்துத் திங்கட்கிழமை வெளியேறியவர், மார்ச் 23 அன்று 7,610-ல் முடிந்ததை வெளியே நின்று பார்த்தார். தாமதமான மணி, ஆனால் அடித்தது. இந்த வகைத் தாமதத்தைத் தாங்கத்தான் 36 பங்கோடு நிறுத்திக்கொள்கிறோம். வாரச் சார்ட்டைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடச் சார்ட்காரரின் அளவுக்கு வாங்கினால், இரண்டின் கெடுதலும் சேர்ந்தே வரும்.

இன்னொரு குறை, கற்றுக்கொள்வது மெதுவாக நடக்கும். ஆண்டுக்குப் பத்து வியாபாரம் என்றால், நம் முறை சரியா தவறா என்று ஓரளவு தெரியவே மூன்று நான்கு ஆண்டு ஆகும். இதை ஈடுகட்டப் பழைய வாரச் சார்ட்டுகளை எடுத்து, வலது பக்கத்தை மறைத்து, ஒவ்வொரு கேண்டிலாகத் திறந்து, எங்கே வாங்கியிருப்பேன், எங்கே விற்றிருப்பேன் என்று நோட்டில் எழுதிப் பார்க்கலாம். இதற்கு இரவு பத்து மணியும் நல்ல நேரம்தான்.

இந்த முறையில் அதிகம் பேர் வழுக்குவது நடுவில் சார்ட்டை மாற்றுவதில். வாரச் சார்ட்டைப் பார்த்து வாங்கிவிட்டு, புதன்கிழமை இரவு தூக்கம் வராமல் பதினைந்து நிமிடச் சார்ட்டைத் திறந்து, அங்கே ஒரு சரிவைக் கண்டு பயந்து, வியாழக்கிழமை விற்றுவிடுவார்கள். இதன் மறுபக்கமும் உண்டு. பதினைந்து நிமிடச் சார்ட்டில் வாங்கியது இறங்கிவிட்டால், தினசரிக்குப் போய், பிறகு வாரத்துக்குப் போய், கடைசியில் மாதச் சார்ட்டில் ‘நீண்டகாலத்துக்கு நல்ல பங்குதான்’ என்று ஆறுதல் தேடுவார்கள். வாங்கும்போதே நோட்டில் எந்தச் சார்ட், எந்த வாரத்துக் கேண்டில், ஸ்டாப் என்ன என்று ஒரு வரி எழுதிவைத்தால் இது எத்தனை முறை நடக்கிறது என்று தெரிந்துவிடும். விற்ற காரணம் வேறு சார்ட்டிலிருந்து வந்திருந்தால், லாபமே வந்திருந்தாலும் அதைத் தனியாகக் குறித்துவையுங்கள். அந்தக் குறிகள் பாதிக்கு மேல் போனால், உங்கள் டைம்ஃப்ரேம் தவறு என்று அர்த்தமில்லை. வாங்கிய அளவு பெரிது, அதனால்தான் தூக்கம் வரவில்லை. எண்ணிக்கையைப் பாதியாக்கிப் பாருங்கள்.

தினமும் மாலை இருபது நிமிடம் உறுதியாக ஒதுக்க முடிகிறவர்கள் தாராளமாகத் தினசரிச் சார்ட்டுக்கு வரலாம். 3.30-க்கு முடிந்த கேண்டிலை இரவு எட்டு மணிக்குப் பார்த்து, மறுநாளுக்கான ஆர்டரைப் போட்டுவிட்டுத் தூங்கலாம். ஆனால் ‘தினமும்’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது ஷிப்ட் வரும் வாரம், ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதம், வீட்டில் கல்யாணம் என்று இடைவெளி விழுகிற வாழ்க்கை என்றால் தினசரி ஒத்துவராது. கடந்த மாதத்து மாலைகளை நினைத்துப் பாருங்கள். எத்தனை நாள் எட்டு மணிக்கு உண்மையிலேயே உட்கார முடிந்தது? ஐந்தில் நான்கு நாளாவது முடிந்திருந்தால் தினசரி, இல்லாவிட்டால் வாரம்.